‘ஆறு லட்சம்’ என்றால் மாதம் எவ்வளவு?

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், காளஹஸ்திக்கு முன்னால் வரும் ஸ்டேஷன் ஏர்பேடு. திருப்பதி ஐஐடியும், ஐசர் என்கிற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இந்த மண்டலத்தில்தான் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து பிரித்து திருப்பதி மாவட்டத்தை உருவாக்கியபோது ஏர்பேடும் புது மாவட்டத்துக்குப் போனது. பக்கத்தில் ரேணிகுண்டாவைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. தெற்கே ஸ்ரீசிட்டி. அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி, பொறியியலோ டிப்ளமோவோ முடித்து, இந்தத் தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

இங்கே இரண்டு விதமான வேலை விளம்பரங்களைப் பார்க்கலாம். ஐஐடியோ ஐசரோ ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது தொகையை விளம்பரத்திலேயே சொல்லிவிடும். இளநிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000, முதுநிலைக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. மத்திய அரசு 2023 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்த விகிதம் இது. விண்ணப்பிப்பவர் சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. தனியார் தொழிற்சாலை விளம்பரத்தில் தொகை இருக்காது. ‘எதிர்பார்க்கும் சம்பளத்தைக் காரணத்துடன் குறிப்பிடவும்’ என்று இருக்கும். எவ்வளவு கொடுக்க முடியும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், ஆனால் சொல்லாது. தெரியாதவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பத்தோடு போகும் அந்தச் சின்னக் குறிப்பு பல வருடத்துச் சம்பளத்தைத் தீர்மானித்துவிடுகிறது, ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு உயர்வும் நுழையும்போது வாங்கிய தொகையின் சதவீதமாகவே வரும். அதை எப்படி எழுதுவது என்று எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் பார்த்த குறிப்புகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, ‘நிறுவன விதிப்படி கொடுங்கள்’. மற்றது, ‘ஆறு லட்சம் எதிர்பார்க்கிறேன்’. இரண்டாவது துணிச்சலானதாகத் தெரியும். ஆனால் அதுவும் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. எப்படி என்பதற்கு ஒரு கணக்கு.

ஆறு லட்சம் என்று எழுதுபவர் மனதில் பன்னிரண்டால் வகுத்து மாதம் 50,000 என்று நினைத்திருப்பார். நிறுவனம் அதை சிடிசி என்று படிக்கும். அதாவது ஓர் ஆளை வைத்துக்கொள்ள ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் பத்து சதவீதத்தை, 60,000 ரூபாயை, ஆண்டிறுதி ஊக்கத்தொகையாக ஒதுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மிச்சம் மாதத்துக்கு 45,000. பிஎஃபில் நிறுவனம் போட வேண்டிய பங்கும், பணிக்கொடைக்காக பேசிக்கில் 4.81 சதவீதமும் அதற்குள்ளேதான். பேசிக் மொத்தத்தில் பாதி, பிஎஃப் முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் என்று போட்டால், சம்பளச் சீட்டில் மாத மொத்தம் 41,511 என்று இறங்கும். அதிலிருந்து தொழிலாளியின் பிஎஃப் பங்கு 2,491, ஆந்திரத் தொழில்வரி 200. வங்கிக் கணக்கில் விழுவது 38,820 ரூபாய். மனதில் இருந்ததற்கும் கையில் வருவதற்கும் இடையே 11,180 ரூபாய் வித்தியாசம்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். பிஎஃபும் பணிக்கொடையும் தொழிலாளியின் பணம்தான், பிற்பாடு வரும். ஆனால் மாத வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் அதைக்கொண்டு கட்ட முடியாது. அதனால் குறிப்பில் எழுத வேண்டிய எண் சிடிசி அல்ல. ஊக்கத்தொகையும் நிறுவனப் பங்குகளும் சேராத, மாதாமாதம் நிச்சயமாக வரும் மொத்தச் சம்பளத்தை எழுத வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் சிடிசிக்கு ஒரு கட்டம் இருந்தால் அதிலும் எண்ணை நிரப்பலாம். அந்த எண் எப்படி வந்தது என்பதைக் குறிப்பு சொல்லட்டும்.

ஓர் ஆளை முன்னால் நிறுத்திப் பார்ப்போம். ஆளும் எண்களும் நான் கணக்குக்காக வைத்தவை. ஏர்பேட்டைச் சேர்ந்த பெண், மின்னணுவியல் படித்தவர். ஸ்ரீபெரும்புதூரில் சர்க்யூட் பலகைகளில் பாகங்களைப் பொருத்தும் லைனில் தரப் பொறியாளராக நாலே கால் வருடம் வேலை செய்திருக்கிறார். இப்போது மாத மொத்தம் 38,000. பிஎஃப் 1,800, தொழில்வரி மாதக் கணக்கில் 208 போக, கையில் 35,992. ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலை அதே வேலைக்கு ஆள் தேடுகிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம்.

முதலில் அவர் எழுதிய வரைவு இப்படி இருக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியின் கல்விக் கடன் இருக்கிறது, சொந்த ஊருக்கு வந்தாக வேண்டும், அதனால் 45,000-லிருந்து 50,000 வரை கொடுத்தால் உதவியாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் இது அவருக்கு எதிராகவே வேலை செய்யும்.

குறிப்பைப் படிக்கும் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சம்பளத்தை அவர் தனியாக முடிவுசெய்வதில்லை. எச்ஆருக்கும் நிதிப் பிரிவுக்கும் ஒப்புதல் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பதவிக்கு ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் இருக்கும். ஏற்கெனவே லைனில் இருப்பவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். ‘இந்த ஆளுக்கு ஏன் நடு எல்லைக்கு மேல்?’ என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மேலாளர் ‘தம்பிக்குக் கல்விக் கடன் இருக்கிறது’ என்று எழுத முடியாது. எழுதக்கூடிய வாக்கியத்தை விண்ணப்பதாரர்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும். காரணம் வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். குடும்பக் கஷ்டத்தைச் சொன்னால் இன்னொன்றும் நடக்கும். இவருக்கு ஊர் திரும்பியே ஆக வேண்டும், குறைத்துக் கொடுத்தாலும் வருவார் என்று தெரிந்துவிடும்.

45,000-லிருந்து 50,000 என்று இரண்டு எண் எழுதினால் மேலாளர் கண்ணில் நிற்பது 45,000 மட்டும்தான். ஒரே எண்ணாக, உருட்டித் திரட்டாத எண்ணாக எழுதுவது நல்லது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பேரத்தில் உருட்டித் திரட்டிச் சொன்ன தொகையைவிடத் துல்லியமாகச் சொன்ன தொகைக்கு எதிர்த்தரப்பு நெருங்கி வந்தது. சொல்பவர் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் கணக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும். ‘எப்படி வந்தது?’ என்று கேட்டால் சொல்லத் தெரியாத துல்லியம் அங்கேயே உடைந்துபோகும்.

திருத்தி எழுதினால் குறிப்பு இப்படி வரும். உண்மையில் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய சார், தரப் பொறியாளர் பணிக்கான விண்ணப்பத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடச் சொல்லியிருந்தீர்கள். மாத மொத்தச் சம்பளம் 46,500 ரூபாய் எதிர்பார்க்கிறேன். ஊக்கத்தொகை, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, பணிக்கொடை, காப்பீடு ஆகியவை இதில் சேரவில்லை. பிஎஃபும் பணிக்கொடையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 5.93 லட்சம் ஆகும். இப்போது நான் வாங்கும் மாத மொத்தம் 38,000. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை இணைத்திருக்கிறேன்.

“இப்போது ஒரு லைனின் தரத்தைப் பார்க்கிறேன். உங்கள் விளம்பரம் இரண்டு லைன்களையும், வாடிக்கையாளர் தணிக்கையையும் சேர்த்துக் கேட்கிறது. தணிக்கையை இரண்டு முறை முழுப் பொறுப்பில் நடத்தியிருக்கிறேன். கேமரா சோதனை எந்திரம் நல்ல பலகைகளையும் பழுது என்று தள்ளிக்கொண்டிருந்தது. அதன் அளவுகோல்களை மாற்றி அமைத்ததில், ஷிப்டுக்கு இரண்டு பேர் மறுபரிசோதனை செய்த இடத்தில் இப்போது ஒருவர் போதும். ஐபிசி 610 சான்றிதழ் செல்லுபடியில் இருக்கிறது, நீங்கள் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியதில்லை. லைனில் இருப்பவர்களிடம் தெலுங்கில் பேசி வேலை வாங்கவும், சென்னையிலுள்ள சப்ளையர்களிடம் தமிழில் பேசவும் எனக்கு முடியும்.

“ஏர்பேடு என் ஊர். தங்குமிடமோ இடமாற்றச் செலவோ கேட்கவில்லை. நோட்டீஸ் காலம் அறுபது நாள். சம்பளம் தவிர மற்றவற்றை நேரில் பேசலாம்.”

முதல் பத்தியில் தொகை எதைச் சேர்த்தது, எதைச் சேர்க்காதது என்று தெளிவாக இருக்கிறது. 46,500-இல் பேசிக் பாதி, 23,250. பிஎஃபுக்கான கட்டாயச் சம்பள வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000. அந்த வரம்பில் நிறுவனப் பங்கு 1,800, பணிக்கொடை 1,118. மாதம் 49,418, ஆண்டுக்கு 5,93,016. கையில் வருவது 44,500. இன்றைய வருமான வரி விதிப்படி, புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி கிடையாது. இப்போதிருப்பதைவிட மாதம் 8,508 ரூபாய் கூடுதல். மேலே பார்த்த ‘ஆறு லட்சத்தை’விட சிடிசி குறைவு. ஆனால் கையில் மாதம் 5,680 ரூபாய் அதிகம். நிறுவனத்துக்கும் இது கடினமான கேட்பு அல்ல.

பேசிக்கைப் பாதியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். பேசிக்கை முப்பது சதவீதத்துக்குச் சுருக்கி, மிச்சத்தை ‘சிறப்புப் படி’ என்று பெயர் வைத்துப் பணிக்கொடையைக் குறைத்த பழைய வழி இனி செல்லாது. பழைய சம்பளச் சீட்டை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பத்தியில் இருக்கும் எல்லாக் காரணமும் மேலாளர் அப்படியே ஒப்புதல் தாளில் எடுத்து எழுதக்கூடியது. ‘கடினமாக உழைப்பேன்’, ‘குழுவாக வேலை செய்வேன்’ என்பவற்றை எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், அதற்காகப் பணமும் தர மாட்டார்கள். மறுபரிசோதனையில் ஓர் ஆள் குறைந்தது என்பதற்கு நிதிப் பிரிவில் ஒரு விலை உண்டு. சாதனை என்று எழுதும் ஒவ்வொன்றையும் நேர்காணலில் தோண்டுவார்கள். எந்த எந்திரம், எந்த அளவுகோல், எத்தனை நாள் பிடித்தது, மாற்றிய பிறகு உண்மையான பழுது ஏதாவது நழுவிப் போனதா என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடிந்ததை மட்டும் எழுத வேண்டும். தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் அப்படித்தான். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, படிவம் 16 மூன்றையும் கேட்டுவிட்டால் அன்றோடு அந்த வேலை இல்லை.

மூன்றாவது பத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏர்பேட்டுக்கு அது மிக முக்கியம். ஊர் திரும்ப நினைக்கும் எல்லோரும் கேட்கும் வாதம் ஒன்று உண்டு. ‘சொந்த ஊருக்குத்தானே வருகிறீர்கள், வாடகை கிடையாது, வீட்டுச் சாப்பாடு, பிறகு எதற்குக் கூடுதல்?’ பலர் இதற்குத் தலையாட்டி 38,000-க்கே வந்துவிடுகிறார்கள், சிலர் அதற்கும் குறைத்து. இந்த வாதம் தவறு என்றே நான் நினைக்கிறேன். அதே லைனில் சென்னையிலிருந்து வந்து திருப்பதியில் வாடகைக்கு இருப்பவருக்கு அவர் வாடகையைப் பார்த்தா சம்பளம் போடுகிறார்கள்? பழுதான பலகை வாடிக்கையாளருக்குப் போய்விட்டால் இருவருக்கும் ஒரே பொறுப்பு. பக்கத்து ஊர்க்காரர் நிறுவனத்துக்குச் செலவைக் குறைக்கிறார். தங்குமிடம் வேண்டாம், விடுதி வேண்டாம், பண்டிகைக்குப் போனவர் திரும்பி வருவாரா என்ற கவலை வேண்டாம். இந்தச் சேமிப்பை நிறுவனத்துக்குத் தரும் சலுகையாக விண்ணப்பதாரரே முதலில் சொல்லிவிட்டால், அதையே சம்பளம் குறைக்கும் காரணமாகத் திருப்ப முடியாது. எங்கே குடியிருக்கிறார் என்பது சம்பளக் கணக்கில் வரக்கூடாது.

குறிப்பில் எழுதாமல் விட்ட ஒரு கணக்கும் உண்டு. நாலே கால் வருடத்தில் வேலையை விட்டால் பழைய நிறுவனத்தின் பணிக்கொடை கிடைக்காது, நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் தேவை. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம், அப்போதிருந்த பணிக்கொடைச் சட்டத்தின் கீழ், தீர்ப்பளித்தது. இவருக்கு இன்னும் ஐந்தாறு மாதம் போனால் அந்த வரம்பு வந்துவிடும். தொகை எவ்வளவு? 19,000 பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஐந்து வருடத்துக்குப் போட்டால் சுமார் 54,800 ரூபாய். உடனே வரச் சொன்னால் இவர் இழப்பது இதுதான். இதை மாதச் சம்பளத்தில் ஏற்றிக் கேட்கக்கூடாது, ஏனென்றால் இது ஒருமுறை இழப்பு. சேரும்போது ஒருமுறைத் தொகையாகக் கேட்கலாம், அல்லது சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கலாம். எப்போது கேட்பது என்றால், நிறுவனம் ‘அறுபது நாள் அதிகம், சீக்கிரம் வர முடியுமா?’ என்று கேட்கும்போது. அதுவரை கையில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு கணக்கையும் இருபத்தாறு வயதுப் பெண் தனியாகப் போட வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு நியாயமாகப் படவில்லை. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து, விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளத்தை முதலாளி கேட்கக்கூடாது. 2023-லிருந்து பதினைந்து பேருக்கும் குறைவான சிறு நிறுவனங்களைத் தவிர மற்றவை விளம்பரத்திலேயே சம்பள எல்லையைப் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் இயற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 ஜூன் வரை கெடு வைத்தது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பழைய சம்பளச் சீட்டை வாங்கி, அதன் மேல் இருபது சதவீதம் வைப்பதே எழுதாத விதி. முதல் வேலையில் குறைத்து வாங்கியவர் வாழ்நாள் முழுவதும் அந்தக் குறைவைச் சுமந்துகொண்டு போகிறார். கல்லூரி வளாகத்தேர்வு இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளே பெரும்பாலும் அப்படித் தொடங்குகிறார்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரேணிகுண்டாவிலும் ஸ்ரீசிட்டியிலும் தொழிற்சாலைகள் அரசின் சலுகைகளைப் பெற்றே நிற்கின்றன. உள்ளூர்க்காரருக்கு வேலை என்ற வாக்குறுதியோடுதான் அந்தச் சலுகைகள் போகின்றன. அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க ஆந்திர அரசால் முடியும்: வேலை விளம்பரத்தில் மாத மொத்தச் சம்பளத்தின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் இருக்க வேண்டும். ஏர்பேட்டில் இருக்கும் மத்திய அரசு நிறுவனங்கள் தொகையைப் போட்டே ஆள் எடுக்கின்றன. அதனால் அங்கே யாருக்கும் ஆள் கிடைக்காமல் போகவில்லை.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். நிறுவனம் 46,500-க்குச் சம்மதிக்காது என்றே வைத்துக்கொள்வோம். ‘43,000 தரலாம், ஆண்டிறுதியில் 40,000 வரை ஊக்கத்தொகை’ என்று பதில் வருகிறது. உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. சென்ற ஆண்டு இதே பதவியில் இருந்தவர்களுக்கு அந்த 40,000-இல் உண்மையில் எவ்வளவு வந்தது? 43,000 என்பது பதவியின் மேல் எல்லையா, அல்லது ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்ததும் திருத்தலாமா? மேல் எல்லை என்றால் பேரம் அங்கே முடிந்துவிட்டது, 41,000 கையில் வரும், போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. திருத்தலாம் என்றால், எந்த மாதம், எவ்வளவு என்பது ஆஃபர் லெட்டரில் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் சொன்ன உறுதியைச் சொன்னவர் வேறு ஆலைக்கு மாறிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் வாழ்த்தும் சிடிசியும் இருக்கும். சம்பளத்தின் பிரிவு கடைசியில் இணைப்பாக வரும். அங்கே மாத மொத்தம் என்ற வரி, குறிப்பில் பேசி முடிவான எண்ணோடு பொருந்துகிறதா, பிஎஃப் வரம்புக்குள்ளா முழு பேசிக்குக்கா, ஊக்கத்தொகை மொத்தத்துக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு பேசிக்குக்கு பிஎஃப் என்றால் 43,000-இல் கையில் வருவது 41,000 அல்ல, 40,220. சேமிப்பு வேண்டும் என்பவருக்கு அது நல்லது, மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பவருக்கு அது குறைவு. எது வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் எச்ஆரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியும். பழைய இடத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது அந்த இணைப்பில் இருவர் கையெழுத்தும் விழுந்த பிறகுதான்.